கே-டி மரமும் கவாத்து விதியும்: மிக அருகிலுள்ள புள்ளியை விரைவாகக் கண்டறிதல்

ஒரு தளத்தில் பத்து லட்சம் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு புள்ளியைக் கொடுத்து, அந்தப் பத்து லட்சத்தில் இதற்கு மிக அருகில் இருப்பது எது என்று கேட்கிறார்கள். இதற்கு யோசிக்கவே தேவையில்லாத ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டு, அவற்றுள் சிறியதை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பத்து லட்சம் தொலைவுக் கணக்குகள் ஆகும். ஒரே ஒரு கேள்வி என்றால் கணினி அதைப் பொறுத்துக்கொள்ளும். கேள்விகளும் பத்து லட்சம் என்றால், செய்ய வேண்டிய கணக்குகள் லட்சம் கோடி ஆகிவிடும்.

புள்ளிகள் தளத்தில் இல்லாமல் ஒரே கோட்டில் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால், பத்து லட்சம் எண்களுக்கு ஏறக்குறைய 20 ஒப்பீடுகளில் உரிய இடத்தை அடைந்துவிடலாம். தளத்தில் அப்படி ஒரு வரிசை கிடையாது. கிடைமட்ட அச்சை x என்றும் செங்குத்து அச்சை y என்றும் கொண்டால், x மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தும்போது அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புள்ளிகள் y திசையில் எங்கெங்கோ இருக்கக்கூடும். Y மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தினாலும் அதே கதைதான்.

இரண்டு அச்சுகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பாதி பாதியாகத் தள்ளும் உத்தியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதே ஜான் பென்ட்லி 1975-இல் வெளியிட்ட கே-டி மரத்தின் கருத்து. பெயரில் உள்ள 'கே' பரிமாணங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 'அருகிலுள்ள கே புள்ளிகளைக் கண்டுபிடி' என்று சொல்லும்போது வரும் 'கே' வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மரத்தைக் கட்டுதல்

ஏழே புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். கையில் ஒரு கட்டத்தாளும் பென்சிலும் இருந்தால் இவற்றைக் குறித்துக்கொண்டே படிக்கலாம்: (2,9), (3,14), (5,4), (9,11), (10,3), (14,15), (17,8).

முதல் வெட்டு x அச்சைக் கொண்டு நடக்கிறது. ஏழு புள்ளிகளையும் x மதிப்பின்படி அடுக்கினால் நடுவில் நிற்பது (9,11). இதுவே மரத்தின் வேர். இதன் வழியாக x = 9 என்ற செங்குத்துக் கோட்டை வரைந்தால், இடப்புறம் மூன்று புள்ளிகளும் வலப்புறம் மூன்று புள்ளிகளும் நிற்கும்.

அடுத்த நிலையில் வெட்டு y அச்சுக்கு மாறுகிறது. இடப்புறத்தில் (5,4), (2,9), (3,14) என்ற மூன்றில் y மதிப்பின்படி நடுவில் இருப்பது (2,9). எனவே அதுவே வேரின் இடக் கிளையில் அமரும் கணு. அதன் வெட்டுக்கோடு y = 9. கோட்டுக்குக் கீழே (5,4), மேலே (3,14). வலப்புறத்தில் (10,3), (17,8), (14,15) என்ற மூன்றில் நடுவில் இருப்பது (17,8). அதன் வெட்டுக்கோடு y = 8. கீழே (10,3), மேலே (14,15). புள்ளிகள் இன்னும் இருந்திருந்தால் அடுத்த நிலையில் மீண்டும் x, அதற்கடுத்து மீண்டும் y என்று மாறி மாறி வெட்டியிருப்போம்.

ஒரு சிறிய விவரத்தை இங்கே கவனிக்க வேண்டும். y = 9 என்ற கோடு தாள் முழுவதும் ஓடுவதில்லை; x = 9 என்ற கோட்டில் முட்டி நின்றுவிடுகிறது. அதேபோல் y = 8 என்ற கோடு வலப் பாதியில் மட்டுமே உண்டு. ஆகவே மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் தளத்தில் ஒரு செவ்வகப் பகுதி சொந்தம். அந்தக் கணுவின் கீழே தொங்கும் புள்ளிகள் எல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள்தான் இருக்கும். இந்த உறுதிப்பாடு ஒன்றை வைத்துக்கொண்டுதான் பின்னால் கிளை கிளையாகத் தள்ளப் போகிறோம்.

இறங்கிப் போனால் மட்டும் போதாது

இப்போது (8,5) என்ற புள்ளியைக் கொடுத்து, அதற்கு மிக அருகில் இருப்பது எது என்று கேட்போம். மரத்தைப் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றும் வழி, கேள்விப் புள்ளி எந்தச் செவ்வகத்தில் விழுகிறதோ அங்கே இறங்கிப் போவதுதான். 8 என்பது 9-ஐ விடச் சிறியது என்பதால் வேரிலிருந்து இடப்புறம் போகிறோம். 5 என்பதும் 9-ஐ விடச் சிறியது என்பதால் அங்கிருந்து கீழே போகிறோம். அங்கே இருப்பது (5,4). இதுதான் விடை என்று சொல்லி நிறுத்திவிடலாமா?

தொலைவைப் பார்ப்போம். (8,5)-க்கும் (5,4)-க்கும் இடையே x வேறுபாடு 3, y வேறுபாடு 1; தொலைவின் வர்க்கம் 9 + 1 = 10. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் (10,3)-ஐப் பாருங்கள். x வேறுபாடு 2, y வேறுபாடு 2; தொலைவின் வர்க்கம் 4 + 4 = 8. உண்மையான விடை இதுதான். கேள்விப் புள்ளி x = 9 என்ற கோட்டை ஒட்டி நின்றதால், அதன் அண்டைப் புள்ளி அடுத்த செவ்வகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே வேலியின் இரு புறங்களிலும் அடுத்தடுத்து நிற்பவர்கள் வெவ்வேறு மனைகளில் இருப்பதைப் போன்ற நிலை இது.

எனவே இறங்கிப் போவதால் கிடைப்பது ஒரு நல்ல ஊகம் மட்டுமே. அது சரிதானா என்று உறுதி செய்யத் திரும்பி மேலே ஏறி வர வேண்டும். ஏறும் வழியில் நாம் போகாமல் விட்ட ஒவ்வொரு கிளையையும் பார்த்து, 'இதற்குள் இன்னும் அருகிலுள்ள புள்ளி இருக்க வாய்ப்புண்டா?' என்று கேட்க வேண்டும். வாய்ப்பு உண்டென்றால் உள்ளே நுழைய வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிளை முழுவதையும் தொடாமல் கடந்துவிடலாம். தோட்டத்தில் வேண்டாத கிளைகளை வெட்டிவிடுவதைக் கவாத்து என்று சொல்வதால், இதைக் கவாத்து விதி என்றே அழைப்போம். ஆனால் இங்கே எந்தக் கிளையும் உண்மையில் வெட்டப்படுவதில்லை. இந்தக் கேள்விக்காக மட்டும் அது தவிர்க்கப்படுகிறது. அடுத்த கேள்விக்கு மரம் முழுதாக அப்படியே இருக்கும்.

விதியும் அதன் காரணமும்

கேள்விப் புள்ளியை மையமாக வைத்து, இதுவரை கிடைத்த மிகச் சிறிய தொலைவை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். இன்னும் அருகில் ஒரு புள்ளி இருக்குமானால் அது இந்த வட்டத்துக்குள்தான் இருக்க முடியும். வட்டம் வெட்டுக்கோட்டைத் தாண்டவில்லை என்றால், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எந்தப் புள்ளியும் வட்டத்துக்குள் வர வழியில்லை. அங்கே மூன்று புள்ளிகள் இருந்தாலும் மூன்று லட்சம் புள்ளிகள் இருந்தாலும் ஒரே ஒப்பீட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிடலாம்.

வட்டம் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வட்டத்தை வரைய வேண்டியதில்லை என்பதுதான் இந்த விதியின் அழகு. வெட்டுக்கோடு அச்சுக்கு இணையாக இருப்பதால், கேள்விப் புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள தொலைவு என்பது ஒரே ஒரு கழித்தல்தான். (8,5)-லிருந்து x = 9 என்ற கோட்டுக்கு உள்ள தொலைவு 9 − 8 = 1. இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவின் வர்க்கம் என்பது x வேறுபாட்டின் வர்க்கமும் y வேறுபாட்டின் வர்க்கமும் சேர்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் x வேறுபாடு குறைந்தது 1. Y வேறுபாட்டின் வர்க்கம் ஒருபோதும் எதிர்மமாகாது. ஆகவே மொத்தத் தொலைவின் வர்க்கம் 1-க்குக் குறைய முடியாது. இந்தக் கீழெல்லை, கையில் உள்ள சிறந்த வர்க்கத்தொலைவை எட்டினாலோ தாண்டினாலோ அந்தக் கிளை தேவையில்லை. விதி இவ்வளவுதான்.

இனி (8,5)-க்கான தேடலை முழுமையாக நடத்திப் பார்ப்போம். வர்க்கமூலம் எடுக்காமல் தொலைவின் வர்க்கத்தையே ஒப்பிடுகிறோம். எது சிறியது என்று அறிய அதுவே போதும்.

வேரான (9,11)-இல் தொடங்குகிறோம். வர்க்கத்தொலைவு 1 + 36 = 37; இப்போதைக்குச் சிறந்தது இதுதான். இடப்புறம் இறங்கி (2,9)-க்கு வந்தால் அங்கே 36 + 16 = 52; பயனில்லை. கீழே இறங்கி (5,4)-க்கு வந்தால் 10. சிறந்த மதிப்பு 37-லிருந்து 10-ஆகக் குறைகிறது. இனி ஏற்றம். (2,9)-க்குத் திரும்பினால், போகாமல் விட்டது மேற்புறக் கிளை. y = 9 என்ற கோட்டுக்கு உள்ள தொலைவு 4; வர்க்கம் 16; கையில் உள்ள 10-ஐ விடப் பெரியது. எனவே (3,14) இருக்கும் அந்தக் கிளையைத் திறக்காமலே கடக்கிறோம். வேருக்குத் திரும்பினால் கோட்டுத் தொலைவு 1, வர்க்கமும் 1. 10-ஐ விடச் சிறியது. வட்டம் கோட்டைத் தாண்டுகிறது. அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும்.

வலக் கிளையில் (17,8)-இன் வர்க்கத்தொலைவு 81 + 9 = 90; பயனில்லை. அங்கும் கேள்விப் புள்ளி விழும் பக்கத்துக்கே முதலில் போகிறோம்: 5 என்பது 8-ஐ விடச் சிறியது, எனவே கீழே. (10,3)-இல் 8 கிடைக்கிறது. சிறந்த மதிப்பு 10-லிருந்து 8-ஆகச் சுருங்குகிறது. மீண்டும் (17,8)-க்கு ஏறினால் y = 8 என்ற கோட்டுக்கு உள்ள தொலைவு 3, வர்க்கம் 9. இது 8-ஐ விடப் பெரியது; (14,15) தவிர்க்கப்படுகிறது. தேடல் முடிந்தது. விடை (10,3), தொட்ட கணுக்கள் ஐந்து.

கடைசிப் படியைச் சற்று நின்று பாருங்கள். (10,3) கிடைக்கும் முன் சிறந்த மதிப்பு 10-ஆக இருந்தது. அப்போதே 9-ஐ அதோடு ஒப்பிட்டிருந்தால் அந்தக் கிளைக்குள் நுழைய வேண்டி வந்திருக்கும். அருகிலுள்ள பக்கத்தை முதலில் பார்த்து வட்டத்தைச் சுருக்கிக்கொண்டதால்தான் அது தப்பியது. முதலில் எந்தப் பக்கம் போகிறோம் என்பது விடையை மாற்றாது. எத்தனை கிளைகள் தப்பும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஐந்து என்பது ஏழில் பெரிய மிச்சமில்லை என்று தோன்றலாம். கோட்டை ஒட்டி நிற்கும் ஒரு கேள்வியை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டதால் அப்படி. (13,13) என்று கேட்டுப் பாருங்கள். வேரில் 20, (17,8)-இல் 41, (14,15)-இல் 5. திரும்பும்போது y = 8 கோட்டின் வர்க்கத்தொலைவு 25, x = 9 கோட்டின் வர்க்கத்தொலைவு 16; இரண்டுமே 5-ஐ விடப் பெரியவை. மூன்று கணுக்களோடு வேலை முடிந்துவிடுகிறது. இடப் பாதி முழுவதும் ஒரே ஒப்பீட்டில் போய்விடுகிறது.

மேலே சொன்ன தேடல் முழுவதும் பைத்தானில் பதினைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும்:

```python
def search(node, q, best):
    if node is None:
        return best
    d = dist2(q, node.point)
    if d < best[0]:
        best = (d, node.point)
    diff = q[node.axis] - node.point[node.axis]
    if diff < 0:
        near, far = node.left, node.right
    else:
        near, far = node.right, node.left
    best = search(near, q, best)
    if diff * diff < best[0]:
        best = search(far, q, best)
    return best
```

`dist2` என்பது தொலைவின் வர்க்கத்தைத் தரும் சார்பு. தொடங்கும்போது `best`-க்கு `(float("inf"), None)` என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். கவாத்து விதி இருப்பது `if diff * diff < best[0]` என்ற ஒரே வரியில்.

அந்த ஒரு வரியில் நிகழும் பிழைகள்

இந்த மரத்தை முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறுவது அந்த வரியில்தான். தவறினாலும் நிரல் நின்றுவிடாது, எச்சரிக்கையும் தராது என்பதால் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

முதல் வகை, வர்க்கத்தையும் வர்க்கமாகாத தொலைவையும் ஒப்பிடுவது. `diff * diff` என்பதற்குப் பதில் `abs(diff)` என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். `best[0]` மட்டும் வர்க்கமாகவே இருக்கிறது. (13,13) என்ற கேள்வியில் வேருக்குத் திரும்பும்போது 4-ஐ 5-உடன் ஒப்பிட்டு, சிறியது என்று எண்ணி, தேவையே இல்லாத இடப் பாதிக்குள் நிரல் நுழைகிறது. மூன்று கணுக்களில் முடிய வேண்டிய தேடல் ஆறு கணுக்களைத் தொடுகிறது. விடை சரியாகவே வரும். வேகம் மட்டும் போய்விடும். இப்போது அதே புள்ளிகளின் எல்லா மதிப்புகளையும் நூறால் வகுத்துவிடுங்கள். (8,5) என்பது (0.08, 0.05) ஆகிறது. இடப்புறத்தில் கிடைத்த சிறந்த வர்க்கத்தொலைவு 0.001, கோட்டுக்கு உள்ள தொலைவு 0.01. இரண்டையும் நேரடியாக ஒப்பிடும் நிரல், 0.01 பெரியது என்று முடிவு செய்து வலப் பாதியையே தவிர்த்துவிடுகிறது. விடையாக வருவது (0.05, 0.04), அது தவறு. ஒரே பிழை, பெரிய அளவுகளில் மெதுவாக ஓடுகிறது. ஒன்றுக்குக் குறைவான அளவுகளில் பொய் சொல்கிறது. சோதனைக்குப் பெரிய எண்களைப் பயன்படுத்தி, உண்மைத் தரவை 0 முதல் 1 வரை சுருக்கிக்கொள்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வது உறுதி.

இரண்டாம் வகை, கவாத்துச் சோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது. அருகிலுள்ள கிளைக்குள் இறங்கும் முன்பே 'அந்தப் பக்கம் போக வேண்டுமா?' என்று முடிவு செய்து வைத்துக்கொள்வதைப் பல நிரல்களில் காணலாம். இரண்டு கிளைகளையும் ஒரே நேரத்தில் அடுக்கில் போட்டுவிட்டு, எடுக்கும்போது மீண்டும் சோதிக்காமல் விடுவதும் இதே பிழைதான். (8,5)-க்கான தேடலில், (2,9)-இல் நிற்கும்போது சிறந்த மதிப்பு இன்னும் 37; கோட்டின் 16 அதைவிடச் சிறியது; எனவே (3,14) வீணாகத் தொடப்படும். (17,8)-இல் சிறந்த மதிப்பு 10, கோட்டின் 9 அதைவிடச் சிறியது, (14,15)-உம் தொடப்படும். ஏழு கணுக்களும் தொடப்பட்டு, கவாத்து என்பதே நடக்காமல், விடை மட்டும் சரியாக வந்து நிற்கும்.

இவற்றைப் பிடிக்க இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. தற்செயலாக உருவாக்கிய சில ஆயிரம் கேள்விகளுக்கு மரம் தரும் தொலைவையும், எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிடைக்கும் தொலைவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தவறான விடைகள் அகப்படும். சம தொலைவில் இரண்டு புள்ளிகள் இருக்கக்கூடும் என்பதால், புள்ளிகளை ஒப்பிடாமல் தொலைவுகளை ஒப்பிடுவதே முறை. மெதுவாக ஓடும் பிழைகள் இதில் அகப்படா. அவற்றுக்கு, ஒரு கேள்விக்கு எத்தனை கணுக்கள் தொடப்பட்டன என்று எண்ணும் ஓர் எண்ணியை நிரலில் வைக்க வேண்டும். தளத்தில் பத்து லட்சம் புள்ளிகள் சீராகச் சிதறியிருக்கும்போது அந்த எண் பத்துகளில் நிற்க வேண்டும். ஆயிரங்களைக் காட்டினால் விதி வேலை செய்யவில்லை என்று பொருள்.

விதியைச் சற்றுக் கூர்மையாக்கவும் இடமுண்டு. (8,5)-க்கான தேடலில் (17,8)-இன் மேற்புறக் கிளை x = 9-க்கு வலப்பக்கமும் y = 8-க்கு மேலேயும் உள்ள பகுதி. அதை அடைய x திசையில் 1-உம் y திசையில் 3-உம் கடக்க வேண்டும்; எனவே உண்மையான கீழெல்லை 9 அல்ல, 1 + 9 = 10. ஏற்கெனவே தாண்டி வந்த கோட்டின் தொலைவையும் கையோடு எடுத்துச் சென்று கூட்டிக்கொண்டால் இந்தக் கூர்மையான எல்லை கிடைக்கும். இரண்டு பரிமாணத்தில் இதனால் பெரிய ஆதாயமில்லை. பரிமாணம் கூடக் கூடப் பலன் தெரியும்.

எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும்

பக்கத்துக்கு 1 நீளமுள்ள சதுரத்தில் பத்து லட்சம் புள்ளிகள் சீராகச் சிதறியிருந்தால், ஒரு கேள்விப் புள்ளிக்கும் அதன் மிக அருகிலுள்ள புள்ளிக்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய 0.0005 தொலைவு இருக்கும். வேரின் வெட்டுக்கோடு சதுரத்தின் நடுவே ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு 0.0005 தொலைவுக்குள் கேள்விப் புள்ளி விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அதாவது ஆயிரம் கேள்விகளில் ஏறக்குறைய 999 கேள்விகளுக்கு, ஐந்து லட்சம் புள்ளிகள் அடங்கிய மறுபாதி ஒரே ஒப்பீட்டில் ஒதுக்கப்படும். அடுத்த நிலையில் இரண்டரை லட்சம், அதற்கடுத்து ஒன்றேகால் லட்சம். அடிமட்டத்தை நெருங்கும்போதுதான் செவ்வகங்கள் வட்டத்தின் அளவுக்குச் சிறுத்து, அக்கம்பக்கத்துச் செவ்வகங்களையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதே கணக்கை 20 பரிமாணங்களுக்குப் போட்டால் காட்சி தலைகீழாக மாறுகிறது. பத்து லட்சம் புள்ளிகளுக்கு மரத்தின் உயரம் 20 நிலைகள்தான். ஆகவே ஒவ்வொரு பரிமாணமும் ஒரே ஒரு முறை, ஏறக்குறைய 0.5 என்ற இடத்தில், வெட்டப்படும். கேள்விப் புள்ளி எங்கே இருந்தாலும் எந்த வெட்டுக்கும் அதன் தொலைவு 0.5-ஐப் பெரிதாகத் தாண்டாது. மறுபுறம், 20 பரிமாணத்தில் 0.5 ஆரமுள்ள கோளத்தின் கன அளவு மிகமிகச் சிறியது. அந்தக் கோளத்துக்குள் பத்து லட்சத்தில் ஒரு புள்ளியாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றை எட்டாது. எனவே ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் மிக அருகிலுள்ள புள்ளியே 0.5-ஐ விடத் தொலைவில் இருக்கிறது. வட்டம் எல்லா வெட்டுகளையும் தாண்டுகிறது. எளிய விதியால் ஒரு கிளையைக்கூடத் தள்ள முடிவதில்லை. தொலைவு எல்லாப் பரிமாணங்களின் வேறுபாட்டையும் கூட்டிக்கொண்டு பெருகுகிறது. விதியோ ஒரே ஒரு பரிமாணத்தின் வேறுபாட்டை வைத்து அதோடு மோதுகிறது. அப்படிப்பட்ட தரவில் மரத்தில் ஏறி இறங்கும் செலவும் சேர்ந்துகொள்வதால், எல்லாப் புள்ளிகளையும் வரிசையாகப் பார்ப்பதே வேகமாக இருக்கும்.

தரவு எப்போதும் இப்படிச் சீராகச் சிதறியிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அச்சில் புள்ளிகள் நீண்டு பரவி, மற்றொன்றில் நெருங்கி இருந்தால், அச்சுகளை முறைவைத்து மாற்றுவதைவிட, பரவல் மிகுந்த அச்சையே ஒவ்வொரு கணுவிலும் தேர்ந்தெடுத்து வெட்டுவது நல்லது. 1977-இல் ஜெரோம் ஃப்ரீட்மன், பென்ட்லி, ரபேல் ஃபின்கெல் ஆகியோர் வெளியிட்ட வடிவத்தில் இதுவும், புள்ளிகளை இலைகளில் சிறு தொகுதிகளாக வைக்கும் முறையும் இடம்பெற்றன. இன்றைய நூலகங்களும் இலைத் தொகுதிகளையே பயன்படுத்துகின்றன: `scipy.spatial.KDTree`-இல் `leafsize` இயல்பாக 10, `sklearn.neighbors.KDTree`-இல் `leaf_size` 40. பத்து இருபது புள்ளிகளை நேராகப் பார்த்துவிடுவது, அவற்றுக்காக இன்னும் நான்கு நிலைகள் இறங்கி ஏறுவதைவிட மலிவு.

ஒன்றுக்குப் பதில் மிக அருகிலுள்ள பத்துப் புள்ளிகள் வேண்டுமென்றால் விதி மாறுவதில்லை. ஒப்பிட வேண்டிய மதிப்பு மட்டும், இதுவரை கிடைத்த பத்தில் மிகத் தொலைவானதன் வர்க்கத்தொலைவாக மாறும். பத்தும் நிரம்பும் வரை எந்தக் கிளையையும் தள்ளக் கூடாது.

துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கவும் இதே வரியில் இடமிருக்கிறது. கோட்டுத் தொலைவை 1-ஐ விடப் பெரிய ஓர் எண்ணால் பெருக்கிய பிறகு சிறந்த தொலைவோடு ஒப்பிட்டால், கிளைகள் முன்கூட்டியே தள்ளப்படும். கிடைக்கும் புள்ளியின் தொலைவு, உண்மையான மிகச் சிறிய தொலைவின் அத்தனை மடங்கைத் தாண்டாது என்ற உறுதியும் கிடைக்கும். `scipy`-இல் `query` சார்பின் `eps` இதைத்தான் செய்கிறது. பெருக்கும் எண் 1 + `eps`. நமது ஏழு புள்ளி மரத்தில் (8,5)-ஐ `eps` 2.5 என்று வைத்துத் தேடினால், வேரின் கோட்டுத் தொலைவான 1 என்பது 3.5 ஆகிறது, கையில் உள்ள சிறந்த தொலைவு 10-இன் வர்க்கமூலம், அதாவது 3.16. எனவே வலப் பாதி தள்ளப்பட்டு, மூன்றே கணுக்களில் (5,4) விடையாக வருகிறது. மூன்றரை மடங்கு வரை பிசக அனுமதி கொடுத்தும், கிடைத்த புள்ளி உண்மையான விடையைவிட ஏறக்குறைய 12 சதவீதம் மட்டுமே தொலைவில் இருக்கிறது.